பகடை உருட்டி எடுக்கும் சர்வே எப்படி உண்மையைக் காட்டும்?

"மனைவியை அடித்ததுண்டா என்று கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? பகடை உருட்டச் சொன்னால் மட்டும் உண்மை வந்துவிடுமா?"

குடி, அடி பற்றிக் கேட்டால் பலர் கேட்பவர் முகம் சுளிக்காத பதிலைத்தான் தருவார்கள். இதற்குச் சமூக விருப்பச் சார்பு என்று பெயர். பெயர் எழுதாத தாளிலும் இது முழுதாகப் போவதில்லை.

1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் இதற்குச் சமவாய்ப்புப் பதில் முறையைக் கொண்டுவந்தார். அதன் எளிய வடிவம் இது. பதில் சொல்பவர் மறைவாகப் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் 'ஆம்', 6 விழுந்தால் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். மற்ற எண் என்றால் உண்மை. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் வகுப்பில் விசில் சத்தம் வருமே, அது மாதிரி: சத்தம் கேட்கும், ஆள் தெரியாது.

சரி, கணக்கு? 600 பேரில் 180 பேர் 'ஆம்' என்றார்கள் என வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 100 பகடை சொல்ல வைத்தது. மிச்சம் 80. உண்மை சொல்ல வேண்டியவர்கள் 400 பேர். ஆக, 20 சதவீதம்.

பலவீனம் எங்கே என்றால், 1 விழுந்தும் 'ஆம்' என்று சொல்ல வாய் வராதவர்களிடம். செய்யாத தப்பை யார் ஏற்பார்கள்? அவர்கள் கூடினால் மதிப்பீடு குறையும். 'ஆம்' ஆறில் ஒரு பங்கைவிடத் தெளிவாகக் குறைந்தால் விதி மீறப்பட்டது உறுதி. அப்புறம், பகடை கலக்கும் குழப்பத்தை ஈடுகட்ட அதிகம் பேரிடம் கேட்க வேண்டும்.

இது பொய்யரைப் பிடிக்கும் கருவி என்று சிலர் நினைக்கிறார்கள். ஊரில் எத்தனை பேர் என்று சொல்லுமே தவிர, யார் என்று இதனால் ஒருபோதும் சொல்ல முடியாது.