விளம்பரம் வரவேற்கிறது, கம்ப்யூட்டர் வரவேற்கிறதா?

"எனக்குப் பார்வை முழுவதும் இல்லை. பி.காம். முடித்திருக்கிறேன்; திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் வைத்து வேலை செய்வேன். 'மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை' என்று விளம்பரம் போட்ட ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். அவர்களுடைய மென்பொருளில் எதுவும் பேசவில்லை. சும்மா உட்காரப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது புதுச்சேரியில் டேட்டா என்ட்ரி வேலைக்கு நேர்காணல். இவர்களை எப்படி நம்புவது?"
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

முதலில், எதைப் பார்த்து டைப் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கையால் எழுதிய படிவத்தின் ஸ்கேன் என்றால் இந்த வேலை வேண்டாம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் அச்செழுத்தை ஓரளவு படித்துவிடும், கையெழுத்தை நம்பும்படி படிக்காது. அங்கே உள்ளவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இதற்கு வழி இல்லை. எக்செல், இணையப் பக்கம், மின்னஞ்சல் என்றால் மேலே பேசலாம்.

அடுத்தது, நேர்காணலுக்கு முன்பே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "நான் வேலை செய்யப்போகும் மென்பொருளைப் பத்து நிமிடம் இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. போட்டு வைக்க முடியுமா?" அது இலவசம்தான், செலவு என்று சொல்ல முடியாது. பென் டிரைவிலிருந்தும் ஓடும். ஆனால் பல ஆபீஸ்களில் பென் டிரைவை முடக்கி வைத்திருப்பார்கள். ஐ.டி. ஆளின் பெயரோடு பதில் வந்தால் நல்ல சகுனம். "வாங்க, பார்த்துக்கலாம்" என்று வந்தால் உஷாராக இருங்கள்.

உட்கார்ந்ததும் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போங்கள். கட்டத்தின் பெயரும் பட்டனின் பெயரும் கேட்டால் சரி. வெறுமனே "பட்டன், பட்டன்" என்றால் மென்பொருளை எழுதியவர்கள் பெயர் வைக்கவில்லை. சொந்த மென்பொருள் என்றால் அவர்களே திருத்தலாம், வெளியில் வாங்கியது என்றால் இழுக்கும். ஒன்றுமே பேசாவிட்டால், மென்பொருள் வேறு ஊர் சர்வரிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவது வெறும் படம். சர்வரிலும் என்.வி.டி.ஏ. போட்டு, ஒலியையும் இந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். பிற நிறுவனங்களின் வேலையைச் செய்து கொடுக்கும் பி.பி.ஓ.க்களில் இதற்கு அனுமதி தர வேண்டியது பெரும்பாலும் வாடிக்கையாளர் நிறுவனம். எச்.ஆர். மனது வைத்தால் மட்டும் போதாது. உங்கள் பழைய ஆபீஸிலும் இது நடந்திருக்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் மத்திய அரசு விதிகளும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் விஷயத்தைக் கவனிக்கத் தொடர்பு அதிகாரி ஒருவரையும் வைக்க வேண்டும். அவர் யார் என்று கேளுங்கள், பெயர் கிடைத்தால் அவரிடமே பேசுங்கள். ஆனால் அழகான கொள்கை இருந்தும் மென்பொருள் வாய் திறக்காத ஆபீஸ்கள் உண்டு. நானாக இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நம்புவேன்.

வேலை கிடைத்தால், எந்தக் கம்ப்யூட்டரில், எந்தத் தேதிக்குள் எல்லாம் தயாராகும் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். அது வந்த பிறகு சேரும் தேதியைச் சொன்னால் போதும்.