ஸ்டார்ட்டில் மட்டும் உழைக்கும் கேஜ்: மோட்டார் கேள்வி-பதில்

ரோட்டரில் ஸ்லைடரும் இல்லை, வெளியே ரெசிஸ்டன்ஸ் பெட்டியும் இல்லை. அப்படியிருக்க டீப் பார் ரோட்டரில் ஸ்டார்ட்டிங்கில் ஒரு ரெசிஸ்டன்ஸ், ஓடும்போது வேறொன்று என்கிறார்களே, எப்படி? (டிப்ளமோ மாணவர்)

மாறுவது ரோட்டர் மின்னோட்டத்தின் ஃப்ரீக்வென்சி. அது மாறும்போது மின்னோட்டம் பாரில் எந்தப் பகுதி வழியாகப் போகிறது என்பதும் மாறுகிறது.

4 போல் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுழல் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று, முழு லோடில் ரோட்டர் 1470. ஸ்லிப் 2 சதவீதம். ஆகவே ஓடும்போது ரோட்டர் பாரில் வெறும் 1 ஹெர்ட்ஸ்தான் இருக்கும். சுவிட்ச் போட்ட கணத்தில் ரோட்டர் அசையாமல் நிற்பதால் முழு 50 ஹெர்ட்ஸும் இருக்கும்.

இப்போது 40 மி.மீ. ஆழமுள்ள ஒரு செம்புப் பாரை, மேலிருந்து கீழாக அடுக்கிய பட்டைகளாக நினைத்துப் பாருங்கள். ஸ்லாட்டைக் குறுக்கே கடக்கும் லீக்கேஜ் ஃப்ளக்ஸ், ஸ்லாட்டின் அடியிலுள்ள இரும்பு வழியாகச் சுற்றி வருகிறது. அடிப்பட்டையை ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் சுற்றிக்கொள்கின்றன. மேல்பட்டையைச் சுற்றுவது சிலதான். அதனால் அடிப்பட்டையின் இண்டக்டன்ஸ் மிக அதிகம். 50 ஹெர்ட்ஸில் அது பெரிய தடையாகி, மின்னோட்டத்தை மேலே தள்ளிவிடும். மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதைக் காட்டும் ஸ்கின் ஆழம், செம்பில் 50 ஹெர்ட்ஸுக்கு 9 மி.மீ. சொச்சம், சூடேறினால் 10 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 40 மி.மீ. பாரில் மேலே 10 மி.மீ. மட்டும் இருப்பதுபோல் ஆகிறது. ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு! 1 ஹெர்ட்ஸில் அதே ஸ்கின் ஆழம் 65 மி.மீ.யைத் தாண்டிவிடுவதால் பார் முழுவதும் மின்னோட்டம் சீராகப் பரவுகிறது.

எண்ட் ரிங்கில் இந்த விளைவு அவ்வளவு இல்லை. அதையும் சேர்த்தால் ரோட்டரின் மொத்த ரெசிஸ்டன்ஸ் இரண்டரை மடங்கு கூடுகிறது என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம்.

ஸ்டார்ட்டிங் டார்க் ÷ முழு லோடு டார்க் ≈ (மின்னோட்ட மடங்கு)² × முழு லோடு ஸ்லிப் × ரெசிஸ்டன்ஸ் மடங்கு

சாதாரண கேஜ்: 6² × 0.02 × 1 = 0.72
டீப் பார்: 5.5² × 0.02 × 2.5 = 1.51

ஸ்டார்ட்டிங் மின்னோட்டம் முழு லோடு மின்னோட்டத்தின் 6 மடங்கிலிருந்து 5.5 மடங்காகக் குறைந்தும் டார்க் இரட்டிப்புக்கு மேல். மின்னோட்டம் ஏன் இன்னும் குறையவில்லை என்று கேட்பீர்கள். மேல்பகுதிக்கு மின்னோட்டம் நகரும்போது ரியாக்டன்ஸ் இறங்கிவிடுகிறது. ரெசிஸ்டன்ஸ் ஏறியதில் கிடைத்த லாபத்தில் அது ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆக இந்த ரோட்டரின் பெரிய லாபம் டார்க்கில்தான். பாடப்புத்தகங்கள் டார்க் கூடுவதையும் மின்னோட்டம் குறைவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன.

ரெசிஸ்டன்ஸ் கூடினால் நல்லது என்றால், கேஜ் முழுவதையும் பித்தளையில் போட்டுவிட்டால் என்ன?

கிளம்பும், நன்றாகவே கிளம்பும். அதற்கப்புறம் நாள் முழுக்க ஓட வேண்டுமே! ரெசிஸ்டன்ஸ் இரண்டரை மடங்கானால் முழு லோடு ஸ்லிப் 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குப் போகும். 30 கிலோவாட் மோட்டாரில் ரோட்டர் இழப்பு சுமார் 0.6-லிருந்து 1.6 கிலோவாட்டாக ஏறும். ஒரு கிலோவாட் ஹீட்டரை ரோட்டருக்குள் வைத்து ஓட்டுவதற்குச் சமம்.

டபுள் கேஜில் மின்னோட்டம் வெளிக்கேஜுக்கும் உள்கேஜுக்கும் எப்படிப் பிரிகிறது? எண்ணோடு சொல்ல முடியுமா?

டீப் பாரில் மேலிருந்து கீழாகப் படிப்படியாக நடப்பதை இங்கே இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளிக்கேஜ் பித்தளையிலோ வெண்கலத்திலோ, மெல்லிய பார். ரெசிஸ்டன்ஸ் அதிகம், ரியாக்டன்ஸ் குறைவு. உள்கேஜ் தடித்த செம்பு, இரும்புக்குள் ஆழமாக. ரெசிஸ்டன்ஸ் குறைவு, ரியாக்டன்ஸ் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பிளவு இருக்கும். அது எவ்வளவு ஒடுங்கி நீண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு உள்கேஜின் ரியாக்டன்ஸ் கூடும். டிசைனர் கையிலுள்ள திருகு அதுதான்.

நின்ற நிலையில் வெளிக்கேஜுக்கு R 1.2, X 0.6 ஓம், உள்கேஜுக்கு R 0.3, X 2 ஓம் என்று வைப்போம். டார்க் R/(R² + X²) என்பதைப் பொறுத்தது. வெளிக்கேஜுக்கு 1.2/1.8 = 0.67, உள்கேஜுக்கு 0.3/4.09 = 0.073. கிளம்பும்போது வெளிக்கேஜ் ஒன்பது பங்கு இழுக்கிறது, உள்கேஜ் ஒரு பங்கு. 2 சதவீத ஸ்லிப்பில் R-க்குப் பதில் R/s போட வேண்டும்: வெளியே 60 ஓம், உள்ளே 15. ரியாக்டன்ஸ் கணக்கிலேயே வராது. இப்போது உள்கேஜ் நாலு பங்கு, வெளிக்கேஜ் ஒரு பங்கு. நடுவில் யாரும் சுவிட்ச் மாற்றவில்லை.

இதற்கு விலையும் உண்டு. உள்கேஜின் லீக்கேஜ் ஓடும்போதும் கூடவே இருப்பதால், சாதாரண கேஜைவிடப் பவர் ஃபேக்டர் கொஞ்சம் இறங்கும். புல்-அவுட் டார்க்கும் குறையும்.

எங்கள் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் இல்லை. கிளப்புவதுதான் பாடு. வைண்டிங் புதிதாகக் கட்டியும் சரியாகவில்லை. எங்கே பார்ப்பது?

நீங்கள் சொன்ன அறிகுறியை ஒரு கல் குவாரியில் அப்படியே பார்த்திருக்கிறேன். ஜா கிரஷர், டபுள் கேஜ் மோட்டார், பெரிய ஃப்ளைவீல். எட்டு நொடியில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது இருபது நொடி உறுமிக்கொண்டு நின்றது. சில நாள் ஓவர்லோடு ரிலே விழுந்துவிடும். ஓடும்போதோ ஆம்மீட்டர் ஊசி ஆணி அடித்தாற்போல் நின்றது. "பார் உடைந்திருந்தால் ஊசி ஆட வேண்டுமே சார்" என்றார் எலக்ட்ரீஷியன். உள்கேஜ் உடைந்திருந்தால் அவர் சொன்னது சரி; ஸ்லிப் ஃப்ரீக்வென்சியின் இரண்டு மடங்கு வேகத்தில் ஊசி ஆடும். வெளிக்கேஜ்தான் ஓடும்போது அதிகம் சுமப்பதில்லையே, அது உடைந்தால் ஊசிக்கு எப்படித் தெரியும்?

அதனால் நின்ற நிலையிலேயே பார்த்தோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு டெர்மினலில் சிங்கிள் ஃபேஸாக, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வழியே குறைந்த வோல்டேஜ் கொடுத்து, ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். ரோட்டரில் 50 ஹெர்ட்ஸ் இருப்பதால் மின்னோட்டம் வெளிக்கேஜில்தான் ஓடும். சுற்றச் சுற்ற ஊசி 20 ஆம்பியருக்கும் 26-க்கும் நடுவே ஏறி இறங்கியது. ரோட்டரை வெளியே எடுத்தால், அடுத்தடுத்த ஐந்து பித்தளைப் பார்கள் எண்ட் ரிங்கில் பிரேசிங் விட்டுக் கிடந்தன; பக்கத்து இரும்பு நீலம் பாய்ந்திருந்தது.

காரணம், கல் சிக்கியபோதெல்லாம் ஆறவிடாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்தது. சுழலும் பாரத்தில் எவ்வளவு இயக்க ஆற்றல் சேருகிறதோ, குறைந்தது அவ்வளவு ரோட்டரில் வெப்பமாகவும் இறங்கும். அதில் பெரும்பங்கு மெல்லிய வெளிக்கேஜின் தலையில் விழும். ஸ்டார்-டெல்டா போட்டிருக்கிறோமே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ஸ்டாரில் டார்க் மூன்றில் ஒரு பங்காகி, ஏறும் நேரம் நீளும். லோடோடு கிளப்பினால் ரோட்டர் வெப்பம் கூடத்தான் செய்யும். இந்த மோட்டார் வாங்கியதே டார்க்குக்காக, அதை ஸ்டார்ட்டரில் வெட்டிவிட்டால் என்ன மிச்சம்?

வி.எஃப்.டி. மாட்டப்போகிறோம். புது மோட்டாரும் டபுள் கேஜாகவே வாங்கலாமா?

வேண்டாம். வி.எஃப்.டி. குறைந்த ஃப்ரீக்வென்சியிலேயே கிளப்புவதால் ரோட்டரில் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ்தான் இருக்கும். வெளிக்கேஜுக்கு வேலையே வராது. வேறு தொல்லையும் உண்டு. சப்ளையில் 5-ஆவது, 7-ஆவது ஹார்மோனிக் இருந்தால் இரண்டும் ரோட்டரில் 300 ஹெர்ட்ஸாகவே தெரியும். அந்த ஃப்ரீக்வென்சியில் செம்பின் ஸ்கின் ஆழம் 4 மி.மீ.கூட இல்லை. எனவே அந்த மின்னோட்டமெல்லாம் பித்தளையில் ஏறிச் சூடாக்கும். பழைய டபுள் கேஜ் மோட்டாரையே வைத்து ஓட்டுவதாக இருந்தால், முழு லோடில் முதல் சில மணி நேரம் பாடி வெப்பத்தையும் பேரிங் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.