'அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட் எடும்மா' என்றால் எந்த லிஸ்ட்?

கேள்வி: என் மேனேஜர் எப்போதும் போகிற போக்கில் பாதி வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். திரும்பக் கேட்டால் "அதான் சொன்னேனே" என்று முகம் மாறிவிடுகிறது. அவர் சொன்னது சரியில்லை என்கிற அர்த்தம் வராமல் விளக்கம் கேட்பது எப்படி?

பதில்: நான் கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்த முதல் வருடம் மார்ச் கடைசியில் இதில் நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

சாயங்காலம் ஆறு மணி. மேனேஜர் ஒரு கையில் பையும் மறு கையில் வண்டிச் சாவியுமாக என் மேஜையைத் தாண்டிப் போனார். "ஏம்மா, டீலர் அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட் ஒண்ணு எடுத்து வெச்சிரும்மா, நாளைக்குக் காலைல மீட்டிங் இருக்கு." "சரிங்க சார்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. யார் யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி, அவ்வளவுதானே?

கணக்கு மென்பொருளான டாலியைத் திறந்த பிறகுதான் சிக்கல். நாள் கணக்குப் போட அதில் `Ageing by Bill Date`, `Ageing by Due Date` என்று இரண்டு வழி உண்டு. ஒரே ஒரு டீலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 5-ஆம் தேதி பில், தொகை 1,80,000 ரூபாய். அவருக்கு 45 நாள் கிரெடிட். மார்ச் 31 அன்று பார்த்தால் பில் தேதியிலிருந்து 85 நாள். ஆனால் அவர் கட்ட வேண்டிய தேதி பிப்ரவரி 19. அதிலிருந்து கணக்குப் போட்டால் 40 நாள்தான். முதல் கணக்கில் அவர் 90 நாளைத் தொடப்போகிற ஆள். இரண்டாவது கணக்கில் ஒன்றரை மாதம்கூடத் தாமதிக்காத ஆள். போதாததற்கு, போன வாரம் அவர் ஒரு லட்சம் அனுப்பியிருந்தார். அது எந்த பில்லுக்கு என்று சொல்லாததால் `On Account` என்று தனியாக நின்றது. அதைக் கழித்தால் பாக்கி 80,000. கழிக்காவிட்டால் 1,80,000.

நான் பில் தேதியை வைத்து, கழிக்காமல் எடுத்தேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, திரையில் அதுதான் முதலில் இருந்தது. மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் அந்த டீலர் பெயரைச் சொல்லி 85 நாள் என்று வாசிக்க, அந்த ஏரியா சேல்ஸ் ஆபீசர் எல்லோர் முன்னாலும், "சார், அவருக்கு 45 நாள் கிரெடிட்டுங்க. போன வாரம்கூட ஒரு லட்சம் போட்டுட்டாரே" என்றிருக்கிறார். வெளியே வந்த மேனேஜர் என்னிடம், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லம்மா?" என்றார். "எந்தத் தேதியிலிருந்துன்னு நீங்க சொல்லலையே சார்" என்றேன்.

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கான வேலையெல்லாம் பக்கத்து சீட் சீனியர் வழியாகத்தான் வந்தது.

அந்த வாக்கியத்தில் 'நீங்க' இருக்கிறது, லிஸ்ட் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. மேனேஜர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் தலையில் இருந்த லிஸ்டில் இந்தச் சந்தேகமே இல்லை. அவருக்கு அவுட்ஸ்டாண்டிங் என்றாலே கெடு தாண்டியது. சந்தேகம் பிறந்தது டாலியிலும் அந்த டீலர் கணக்கிலும். அப்படியானால் கேள்வியையும் அங்கிருந்தே கேட்க வேண்டும். அன்று ஆறரை மணிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போட்டிருந்தால் போதும்:

"சார், டீலர் லிஸ்ட் எடுத்துட்டிருக்கேன். மாதிரிக்கு ஒரு டீலர்: ஜன 5 பில், 1,80,000. பில் தேதியிலிருந்து 85 நாள், டியூ தேதியிலிருந்து 40 நாள் வருது. போன வாரம் வந்த 1 லட்சம் ஆன் அக்கவுண்ட்ல நிக்குது. டியூ தேதி வெச்சு, அந்த 1 லட்சத்தைக் கழிச்சுப் போடறேன். மீட்டிங்குக்கு வேற மாதிரி வேணும்னா மாத்திடறேன்."

இதில் அவர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற பேச்சே கிடையாது. ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பார்க்க இரண்டு வழி இருக்கிறது, நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு போகிற மனிதர் சிக்னலில் நின்று "ஓகே" என்று தட்டிவிடலாம். பிற்பாடு இப்படி அனுப்ப ஆரம்பித்தபோது எனக்கு வந்த பதில்கள் பெரும்பாலும் அந்த நீளம்தான்.

ஒரு டீலரின் நிஜக் கணக்கைக் காட்டுவதுதான் இதில் முக்கியம் என்பது என் அனுபவம். "பில் தேதியா, டியூ தேதியா சார்?" என்று மொட்டையாகக் கேட்டால், 'இதுகூடத் தெரியாதா' என்று தோன்ற இடம் இருக்கிறது. 85, 40 என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துவிட்டால் எதற்காகக் கேட்கிறோம் என்பது தானாகவே தெரிந்துவிடும். முழு லிஸ்டையும் முடித்துவிட்டுக் கேட்பதும் வேண்டாம். நாலைந்து வரி எடுத்ததுமே கேட்டுவிடுங்கள்.

எப்போது கேட்பது என்பதும் உண்டு. அவர் சொல்லி முடித்த அடுத்த நொடியே "எந்தத் தேதியிலிருந்து சார், ஆன் அக்கவுண்ட் கழிக்கணுமா, எந்த ஏரியா" என்று அடுக்கினால், அவர் பேச்சுக்கு நாம் மார்க் போடுவது போல ஆகிவிடும். அரை மணி நேரம் கழித்து, ஃபைலைத் திறந்த பிறகு வரும் அதே கேள்விக்கு அந்த வாடை இருக்காது. அதற்காகத் திறக்காமலே திறந்ததாகச் சொல்லாதீர்கள். ஒரு எதிர்க் கேள்வியில் குட்டு உடைந்துவிடும். மறுநாள் காலை மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்பது எல்லாவற்றையும்விட மோசம். அப்போது நீங்கள் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது புகாராகத்தான் காதில் விழும்.

அப்புறம், நம் பேச்சில் சில சின்னச் சொற்கள் இருக்கின்றன. "நீங்க டியூ தேதின்னுதானே சொன்னீங்க?" என்பதில் அந்த 'தானே' ஆளைக் கூண்டில் ஏற்றிவிடும். "சொல்லவே இல்லையே", "கொஞ்சம் தெளிவா சொல்லுங்க சார்" இரண்டும் அதே ரகம். "எனக்குப் புரியல சார்" என்பது பணிவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது பலன் தந்ததே இல்லை. எது புரியவில்லை என்று அவருக்குத் தெரியாததால், அதே வாக்கியத்தைத் திரும்ப, இன்னும் சத்தமாகச் சொல்வார். ஆபீஸ் குரூப்பில் கேட்பதும் வேண்டாம். அவர் தனியாகச் சொன்ன வேலைக்கு இருபது பேர் பார்க்கக் கேள்வி போட்டால், கேள்வி என்னவாக இருந்தாலும் அவருக்குத் தலைகுனிவுதான்.

'நான் இப்படிப் போடறேன், வேற வேணும்னா சொல்லுங்க' என்று ஆரம்பித்துவிடும் வழி, திரும்ப மாற்றக்கூடிய வேலைகளுக்குத்தான். அதே மார்ச்சில் ஆடிட்டுக்காக டீலர்களுக்கு பாலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் போகும்: 'உங்கள் கணக்கில் இவ்வளவு பாக்கி நிற்கிறது, சரி என்று கையெழுத்திட்டு அனுப்புங்கள்' என்று. ஒரு லட்சத்தைக் கழிக்காமல் அது டீலர் கைக்குப் போனால், அவர் போன் செய்வது உங்களுக்கல்ல, உங்கள் மேனேஜருக்கு. ஆபீஸைத் தாண்டிப் போகிற எதுவாக இருந்தாலும் பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள். மெசேஜுக்குப் பதில் இல்லையென்றால் போன் போடுங்கள். "சார், லெட்டர் ரெடி, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு" என்று ஆரம்பித்தால் எந்த மேனேஜரும் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை.

சில சமயம் மேனேஜருக்கே தெரியாது. எம்.டி. போனில் அவரிடம் சொன்னதை அவர் அப்படியே உங்களிடம் சொல்லியிருப்பார். முகம் மாறுவது பெரும்பாலும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, மேலே போய்க் கேட்கவும் கூச்சம். உங்கள் மேனேஜரும் இந்த ரகமா என்று கவனித்துப் பாருங்கள். நேரடியாகப் பதில் சொல்லாமல் "நீயே பார்த்துப் போடு" என்றால் அநேகமாக அதுதான். அங்கே நான் செய்வது, மெசேஜில் 'சார், நீங்க' எதுவும் இல்லாமல், அவர் அப்படியே எம்.டி.க்கு ஃபார்வர்டு செய்யக்கூடிய மாதிரி எழுதுவது: "டீலர் பாக்கி, மார்ச் 31 வரை. டீலர் வாரியாகவும் எடுக்கலாம், ஏரியா வாரியாகவும் எடுக்கலாம். இரண்டுக்கும் மாதிரி கீழே." அனுப்புகிறவர் பெயர் மாறினாலும் வாசகம் பொருந்த வேண்டும். அவர் கேட்டதாகவே மேலே போகும், அவருக்கும் சங்கடம் இல்லை.

முதல் முறை இப்படி அனுப்பியபோது மேனேஜர் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஃபார்வர்டு செய்தார். எம்.டி. கேட்டது டீலர் வாரியும் இல்லை, ஏரியா வாரியும் இல்லை. அதிகம் பாக்கி வைத்திருக்கிற முதல் பத்துப் பேர், அவர்களுடைய போன் நம்பர், அவ்வளவுதான். இருபது நிமிட வேலை. அதிலிருந்து நான் இரண்டு வழி கொடுக்கும்போதெல்லாம் கடைசியில் 'வேறு மாதிரி என்றால் ஒரு வரி போதும்' என்று சேர்த்துவிடுகிறேன்.