கனமைசினில் தப்பி நிற்கும் தளிர்கள்

"புகையிலைக்குள் புது மரபணு ஏற்ற, அதைச் சுமக்கும் அக்ரோபாக்டீரியக் கரைசலில் இலைத்துண்டுகளை நனைத்து, மரபணு ஏறாத செல்களை வளரவிடாத கனமைசின் மருந்து லிட்டருக்கு 100 மி.கி. உள்ள ஊடகத்தில் வைத்தேன். 12 பச்சைத் தளிர்களில் 4இல்தான் பிசிஆரில் மரபணு தெரிகிறது. மருந்து கெட்டுவிட்டதா?"

பாக்டீரியா தொடாத இலைத்துண்டு ஒன்றை அதே ஊடகத்தில் வையுங்கள். சில வாரங்களில் அது வெளிறித் தளிர்விடாமல் நின்றால் மருந்தில் குறையில்லை.

என் சந்தேகம் இலைத்துண்டின் விளிம்பு மேல்தான். வளரும்போது அது சுருண்டு மேலெழும். ஊடகத்தைத் தொடாத இடத்துக்கு மருந்து சரியாக எட்டாது. பக்கத்தில் மரபணு ஏறிய செல்கள் இருந்தால் அவை கனமைசினைச் செயலிழக்கச் செய்து அண்டை செல்களையும் காப்பாற்றிவிடும். விளிம்பை ஊடகத்தில் அழுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

நல்ல சோதனை வேர்தான். தளிரை அடியிலுள்ள திசுக்கட்டி ஒட்டாமல் வெட்டி, கனமைசினும், மிச்ச பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிமும் கலந்த வேர்விடும் ஊடகத்தில் நடுங்கள். வேர் மருந்துக்குள்ளேயே வளர வேண்டியிருப்பதால் மரபணு ஏறாமலே தப்பிய தளிர்கள் பெரும்பாலும் அங்கே வேர்விடாது.

அந்த நான்கையும் உடனே நம்பிவிடாதீர்கள். திசுவில் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவும் பிசிஆரில் பட்டை காட்டும் (நான் ஒருமுறை இதில் ஏமாந்து இனிப்பு வழங்கியிருக்கிறேன்). செடிக்குள் போகாத, பாக்டீரியாவிலேயே தங்கும் virG மரபணுவுக்கும் ஒரு பிசிஆர் போடுங்கள். அதிலும் பட்டை வந்தால், திசுவில் பாக்டீரியா இன்னும் இருக்கிறது; முதல் பட்டையும் அதன் டிஎன்ஏவிலிருந்து வந்திருக்கலாம்.