வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவுகளை எழுதி வைப்பது எப்படி?

கேள்வி: எங்க வேலை எல்லாம் நாலைந்து வாட்ஸ்அப் குரூப்பில்தான் நடக்குது. யார், எப்போ, ஏன் இப்படி முடிவு பண்ணாங்கன்னு அப்புறம் தேடினா கிடைக்கிறதில்லை. முடிவுகளை மட்டும் சுருக்கமா எழுதி வைக்க நடைமுறையில் என்ன வழி?

நான் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சீசன் இரண்டு மாதம் சொச்சம்தான். அந்த நாட்களில் கொள்முதலுக்கு ஒரு குரூப், உற்பத்திக்கு ஒன்று, லோடு அனுப்ப ஒன்று, இதெல்லாம் போக முதலாளியோடு தனித்தனிப் பேச்சு. எங்களுக்குப் புத்தி வந்தது ஒரு கழிவுக் கணக்கில். அதையே சொல்கிறேன்.

பெங்களூரா மாங்காய் லோடு வந்தால் 100 கிலோவுக்கு 3 கிலோ கழிப்பது எங்கள் வழக்கம். ஜூன் முதல் வாரத்தில் காற்றோடு இரண்டு நாள் மழை. தோப்பில் உதிர்ந்து கிடந்த காயையும் பறித்த காயோடு கலந்து ஏற்றி அனுப்பினார்கள். கீழே விழுந்து அடிபட்ட காய் வெளியே நன்றாகத்தான் தெரியும். பழுக்க வைக்கும் அறையில் நாலைந்து நாள் கிடந்த பிறகுதான் அடிபட்ட இடம் அழுகி, பக்கத்துக் காயையும் கெடுக்கும். அதனால் ஜூன் 7 இரவு முதலாளி குரலில் ஏதோ சொல்லி அனுப்பினார். மேனேஜர் அதற்குக் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு கொள்முதல் குரூப்பில் "இனிமே 5 கழிக்கவும்" என்று ஒரு வரி. கேட் சூப்பர்வைசர் "சரிங்க சார்". அவ்வளவுதான், முடிவு ஆகிவிட்டது.

மழை மூன்றாம் நாளே நின்றது. 5 மட்டும் மாதக் கடைசி வரை நின்றது. 10 டன் லோடில் 300 கிலோவுக்குப் பதில் 500 கிலோ போனால் எந்தத் தோப்புக்காரர் சும்மா இருப்பார்? சந்தூர் பக்கமிருந்து வழக்கமாக வரும் இரண்டு பேர் வண்டியை வேறு ஃபேக்டரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஏன் 5 என்று கேட்டால் கேட்டில் இருந்தவருக்குத் தெரியவில்லை, "மேல சொன்னாங்க" என்றார். மேனேஜரோ போன வருஷத்திலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சீசன் முடிந்ததும் ஐந்து வார அரட்டையை நான் உட்கார்ந்து தோண்டினேன். நீங்களும் முதலில் இதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்பதால், நான் எங்கெங்கே வழுக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் `Export chat` கொடுத்து வரும் கோப்பை நம்பி வேலையை ஆரம்பித்தேன். அதில் கட்டைவிரல் போன்ற குறிகள் வராது. ஆக மேனேஜர் ஒப்புக்கொண்டதற்கு அதில் தடயமே இல்லை. யாருடைய எந்தச் செய்திக்குப் பதில் என்பதும் வராது. போனில் பார்த்தால் "சரிங்க சார்" எதற்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். கோப்பில் அது நாலு பேச்சுக்கு நடுவில் அநாதையாக நிற்கும். படம், குரல் இல்லாமல் எடுத்திருந்தால் முதலாளி பேசியது இருந்த இடத்தில் `<Media omitted>` என்று மட்டும் இருக்கும். இன்னொன்று, தேதி எடுத்தவரின் போன் அமைப்புப்படி வரும். மேனேஜர் போனிலிருந்து எடுத்ததில் `6/7` என்று இருந்ததை ஜூலை 6 என்று படித்துவிட்டு அரை நாள் குழம்பினேன்.

அதனால் கோப்பைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, படிப்பதைப் போனிலேயே படியுங்கள். தேட வேண்டிய சொற்களும் நம் ஊர்ச் சொற்கள்தான்: இனிமே, நாளையிலிருந்து, வேண்டாம், பண்ணிடலாம், சரி. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள் என்பதால் `inime`, `vendam`, `venam`, `sari`, `seri` என்றும் தேட வேண்டும். அந்தச் சொல் கிடைத்த இடத்திலிருந்து மேலே ஏறிப் படித்தால் காரணம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து செய்திக்குள் அகப்பட்டுவிடும்.

குரல் செய்தியைத் திரும்பக் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி சொன்னது "மழை லோடுக்கு அஞ்சு வரைக்கும் கழிக்கலாம், லேப்ல பாத்துட்டு" என்று. அந்த "வரைக்கும்", "லேப்ல பாத்துட்டு", "மழை லோடுக்கு" மூன்றுமே எழுத்துக்கு வரும்போது உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது வெறும் 5.

அன்றைக்கே எழுதியிருந்தால் அது இப்படி இருந்திருக்கும். இந்த வடிவத்தைத்தான் இப்போதும் வைத்திருக்கிறோம்:

எண்: 14
முடிவு: மழையில் உதிர்ந்த காய் கலந்த லோடுக்கு மட்டும், லேப் பார்த்த பிறகு, 100 கிலோவுக்கு 3 முதல் 5 கிலோ வரை கழிவு. மற்ற லோடுக்குப் பழைய 3.
ஏன்: அடிபட்ட காய் பழுக்க வைக்கும் அறையில் அழுகுகிறது. லோடையே திருப்பி அனுப்பலாமா என்று பேசினோம்; அன்றாட ஓட்டத்துக்குக் காய் போதாது என்பதால் வேண்டாம் என்று விட்டோம்.
சொன்னவர்: முதலாளி
பொறுப்பு: கொள்முதல் மேனேஜர்
எப்போதிலிருந்து: ஜூன் 8 காலை 6 மணிக்கு மேல் எடை போடும் வண்டிகள்
மறுபடி பார்ப்பது: ஜூன் 12, அல்லது இரண்டு நாள் தொடர்ந்து மழை இல்லாவிட்டால்
பேசிய இடம்: கொள்முதல் குரூப், ஜூன் 7 இரவு, முதலாளி குரல் செய்தி
நிலை: நடப்பில்

இதில் உயிரான இடம் "ஏன்" என்ற வரி. தரத்துக்காக, நல்லதுக்காக என்று எழுதினால் அது காரணமே இல்லை. எது மாறினால் இந்த முடிவும் மாற வேண்டும் என்பது அந்த வரியைப் படித்தாலே தெரிய வேண்டும். காரணம் மழை என்று எழுதியிருந்தால், மழை நின்றதும் கேட்டில் இருப்பவரே "இன்னும் எதுக்கு சார் அஞ்சு?" என்று கேட்டிருப்பார். வேண்டாம் என்று விட்ட வழியையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பத்து நாள் கழித்து யாராவது "திருப்பி அனுப்பிடலாமே" என்று புதிதாகக் கண்டுபிடித்தது போல ஆரம்பிப்பார்கள், அதே பேச்சு மறுபடி ஓடும்.

பொறுப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு ஆள். "கொள்முதல் டீம்" என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம். முதலில் நான் "சொன்னவர்", "பொறுப்பு" என்று பிரிக்காமல் ஒரே பெயரை எழுதினேன். கேட் சூப்பர்வைசர் அண்ணன் பார்த்துவிட்டு, "நாளைக்கு தோப்புக்காரன் சண்டைக்கு வந்தா என் தலையில கட்டவா இந்த நோட்டு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பிரித்து எழுதிய பிறகுதான் அவர் இந்தப் பக்கமே வந்தார். பொறுப்பு ஆளைக் கேட்காமல் அவர் பெயரை எழுதுவதும் இல்லை.

தேதியில் எல்லோரும் கோட்டை விடுவது "எப்போதிலிருந்து" என்பதில். முடிவு இரவு 9:40-க்கு வருகிறது. அப்போதே எடை மேடைக்கு வெளியே மூன்று வண்டி நிற்கிறது. அவற்றுக்குப் பழைய கழிவா, புதியதா? ஒரே வரிசையில் நின்ற இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் போட்டதும் எங்களிடம் நடந்தது.

சரி, தினமும் இதை எப்படிச் செய்வது? ராத்திரி கடைசி ஷிஃப்ட் ஆரம்பித்த பிறகு கால் மணி நேரம் குரூப்புகளை மேலிருந்து கீழே பார்க்கிறேன். எது முடிவு, எது வெறும் பேச்சு என்று பிரிக்க ஒரே கேள்விதான்: இதனால் நாளைக் காலை யாராவது ஒரு வேலையை வேறு மாதிரி செய்வார்களா? இன்றைக்கு எத்தனை டிரம் நிரம்பியது என்பது தகவல். இனி எந்த வாங்குபவர் சரக்கை முதலில் நிரப்புவது என்பது முடிவு. சாந்திக்கு நாளை லீவு என்பது இரண்டும் இல்லை. இப்படிச் சலித்தால் சீசன் உச்சத்திலும் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான் தேறும். ஐந்தாறு தேறினால் நீங்கள் மினிட்ஸ் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

எழுதியதை அதே குரூப்பில் போடுவேன்: "இப்படிப் புரிந்துகொண்டேன், தப்பு இருந்தா காலை 8-க்குள் சொல்லுங்க." மற்றவர்கள் சும்மா இருந்தால் பரவாயில்லை. பொறுப்பில் பெயர் உள்ளவர் மட்டும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுப்பதில்லை. "அஞ்சு வரைக்கும்" போன்ற கோளாறு இந்த இடத்தில்தான் பிடிபடும். போனில் பேசி முடித்ததாக இருந்தாலும் "போனில் சொன்னது" என்று நானே தட்டிப் போட்டுவிடுவேன்.

முடிவு மாறினால் பழைய வரியைத் திருத்தாதீர்கள், அழிக்காதீர்கள். புதிய எண்ணில் புதிய பதிவு. பழையதின் நிலையில் "19 வந்ததால் முடிந்தது" என்று மட்டும். மென்பொருள்காரர்களிடம் இந்த வழக்கம் முன்பே உண்டு. மைக்கேல் நைகார்ட் என்பவர் 2011-இல் எழுதியதிலிருந்து பரவலாகப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் விஷயத்தில் பலன் நேரடியானது. ஜூன் 9-ஆம் தேதி பில்லில் ஏன் 5 கழித்திருக்கிறது என்று ஆகஸ்டில் ஒருவர் வந்து கேட்டால், அன்றைக்கு எது நடப்பில் இருந்தது என்று காட்ட முடியும்.

வைத்திருப்பது ஒரு கூகுள் ஷீட்டில். எல்லோரும் பார்க்கலாம், எழுதுவது நான் ஒருத்தி. ஆனால் எடை மேடையில் இருப்பவர் லாரி நிற்கும்போது ஷீட்டைத் திறந்து பார்க்க மாட்டார். அதனால் நடப்பில் உள்ளவற்றை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து அங்கே ஒட்டுகிறோம். விலை சம்பந்தப்பட்ட முடிவுகள் அந்தத் தாளில் வராது. வெளி ஆட்கள் நிற்கும் இடம்.

இதனால் ஆகாத ஒன்றும் உண்டு. முதலாளி கேட்டுக்கு நேரில் வந்து "இந்த வண்டிய விடுப்பா" என்று சொன்னால் எந்த நோட்டும் தடுக்காது. அதை விதிவிலக்கு என்று வண்டி எண்ணோடு அந்தப் பதிவுக்குக் கீழேயே ஒரு வரி எழுதுகிறேன். போன சீசனில் ஒரே பதிவுக்குக் கீழே இப்படி ஏழு வரி சேர்ந்தது. அதைக் காட்டியதும் அவரே சிரித்துவிட்டு அந்த முடிவை மாற்றச் சொன்னார்.