6.6 கலனும் 5.5 கலனும் ஒரே தாங்கிதான்

“அண்ணை, நான் ரொறொன்ரோ வந்து கொஞ்சக் காலம்தான். நிலாவெளியில அப்பாவின்ர போட்டுக்கு ஒரு பெற்றோல் தாங்கியும், மீன் வைக்க ஒரு ஐஸ் பெட்டியும் அனுப்பவேணும். ஒன்றில கலன் எண்டு கிடக்கு, ஒன்றில லீற்றர், கப்பல்காரர் கனஅடி கேக்கினம். எதை நம்பி வாங்கிறது?”

தம்பி, லீற்றரை நம்புங்கள். கலனைக் கண்டால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் கலன் இரண்டு இருக்கிறது. அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். ரொறொன்ரோக் கடைகளில் வருகிற சாமான் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில்தான் இருக்கும். ஆனால் திருகோணமலையில் உங்கள் அப்பா வயதுக்காரர் கலன் என்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய நாலரை லீற்றரைத்தான் நினைப்பார்கள். சிக்கல் அங்கேதான்.

போட் எஞ்சினுக்கு வருகிற 25 லீற்றர் தாங்கியை எடுங்கள். அது அமெரிக்கக் கலனில் 6.6, பிரித்தானியக் கலனில் 5.5. ஜப்பான் எஞ்சின் கையேடுகளில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அது நல்ல வழக்கம். கடைப் பட்டியலில் வெறுமனே 6.6 கலன் என்று இருந்து, அப்பா அதை ஊர்க் கலனாக எடுத்தால் 30 லீற்றர் தாங்கி என்று நினைத்து விடுவார். பெற்றோல் கொஞ்சம் குறைந்தால் போகட்டும், ஒயில் கலக்கிறதில்தான் அது வினையாகிவிடும்.

பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுகிற டூ ஸ்ரோக் எஞ்சின் என்றால், 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்ற கலவையில் லீற்றருக்கு 20 சிசி ஒயில், அதாவது 25 லீற்றருக்கு 500 சிசி. சிசியும் மில்லிலீற்றரும் ஒன்றுதான், ஆயிரம் சிசி ஒரு லீற்றர். 30 லீற்றர் என்று நினைத்து 600 சிசி ஊற்றினால் கலவை 42க்கு 1 ஆகும். புகை கூடும், பிளக் கறுத்துப்போகும், மற்றபடி பெரிய சேதமில்லை. மறுபக்கம்தான் பயம். இங்கிலாந்தில் இருக்கிற ஒருவர் 5.5 கலன் என்று எழுதி அனுப்ப, நீங்கள் அதை அமெரிக்கக் கலனாகப் பெருக்கினால் 21 லீற்றர்கூட வராது; அந்தக் கணக்கில் 416 சிசி ஒயிலை 25 லீற்றருக்கு விட்டால் 60க்கு 1. ஒயில் காணாமல் முழு வேகத்தில் ஓடினால் பிஸ்டன் சூடாகி உரசி, கடைசியில் இறுகி நின்றுவிடும், அதுவும் கரையிலிருந்து எட்டத்தில்.

எந்தக் கலன் என்று கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். சாமானில் லீற்றரும் போட்டிருந்தால் லீற்றரைக் கலனால் வகுத்துப் பாருங்கள். 3.8 பக்கம் வந்தால் அமெரிக்கா, 4.5 பக்கம் வந்தால் பிரித்தானியா. சிலதில் 5 கலன், 20 லீற்றர் என்று இருக்கும், வகுத்தால் 4 வரும், அது இரண்டுமில்லை, யாரோ கிட்டமுட்டப் போட்டது. அப்படியானால் முதல் தடவை ஊர்ப் பெற்றோல் செட்டில் அடிக்கும்போது மீற்றரைப் பார்த்துத் தாங்கியில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். விளிம்புவரை நிரப்ப வேண்டாம், வெயிலில் 10 பாகை சூடு ஏறினாலே 25 லீற்றர் பெற்றோல் கால் லீற்றர் அளவுக்குப் பெருகும்.

எஞ்சின் பெட்டியில் போட்டிருக்கிற சிசி வேறு விஷயம், அது பிஸ்டன் ஓடுகிற இடத்தின் அளவு. பழைய அமெரிக்க எஞ்சினில் கன அங்குலம் இருந்தால் 16.4 ஆல் பெருக்குங்கள், 15 கன அங்குலம் 246 சிசி.

இனி ஐஸ் பெட்டி. இங்கே அதைக் குவாட்டில் விற்பார்கள், குவாட் என்பது அமெரிக்கக் கலனில் கால்வாசி. 100 குவாட் பெட்டி 95 லீற்றர் கொள்ளும். ஒரு கனஅடி 28.3 லீற்றர் என்பதால் 3.4 கனஅடிதானே என்று கப்பல் காசைக் கணக்குப் போடாதீர்கள், அது உள்ளே ஐஸ் பிடிக்கிற அளவு. கப்பல்காரர் டேப் பிடிக்கிறது வெளியில். வெளி அளவு 36, 18, 18 அங்குலம் என்று வைப்போம், மூன்றையும் பெருக்கி 1728 ஆல் வகுத்தால் 6.75 கனஅடி, ஏறத்தாழ இரட்டிப்பு. சுவரில் இருக்கிற போமுக்கும் சேர்த்துத்தான் காசு. கைபிடியும் சில்லும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் அளப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்கிற இடத்தை வெறுமையாக அனுப்பாமல் தாங்கியை ஐஸ் பெட்டிக்குள் வைத்தே அனுப்பலாம். ஆனால் 95க்குள் 25 தாராளமாகப் போகும் என்று லீற்றரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பெட்டியின் உள் அகலத்தையும் தாங்கியின் அகலத்தையும் கடையிலேயே டேப் பிடித்துப் பாருங்கள், மூடியோடு உயரத்தையும்தான். தாங்கி புதிதாக இருக்க வேண்டும், பெற்றோல் மணம் அடித்தால் எடுக்க மாட்டார்கள்.