குடிப்பதில்லை, அடிப்பதில்லை, பேசுவதும் இல்லை

கேள்வி: எனக்கு வயது 46. கணவர் பதினாறு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் ஊரோடு வந்துவிட்டார். குடிப்பதில்லை, அடிப்பதில்லை, காசு கேட்டால் தருகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் ரப்பர் விளை, மாலையில் டிவி. எதைக் கேட்டாலும் 'ம்', இல்லாவிட்டால் 'பார்க்கலாம்'. தொடுவதும் இல்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், அதையும் விட்டுவிட்டேன். மகள் நர்சிங் படிக்கப் பெங்களூர் போய்விட்டாள். 'குடிக்கிறாரா, அடிக்கிறாரா, பிறகென்ன குறை?' என்கிறார் அம்மா. எனக்கு மூச்சு முட்டுகிறது. பிரிந்துவிடலாமா? சபையில் என்ன பேசுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், மார்த்தாண்டம் அருகே

பதில்: சகோதரி, அம்மாவின் அளவுகோலைத் தூர வையுங்கள். குடிக்காததும் அடிக்காததும் ஒரு மனிதனிடம் இருந்தே தீரவேண்டிய குறைந்தபட்சம். அதற்கே பாராட்டுப் பத்திரம் வாசிக்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் கொஞ்சம் அதிகம். மூச்சு முட்டுகிறது என்று நீங்கள் எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் பிரிந்துவிடலாமா என்று என்னைக் கேட்கிறீர்களே, இந்த எண்ணம் இருப்பது அவருக்குத் தெரியுமா? தெரியும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவு என்று வையுங்கள். பதினாறு வருடத்தில் நீங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது பதினாறு மாதம். அதிலும் பாதி, உறவினர் வீடுகளுக்குப் பெட்டியைப் பிரித்துக் கொடுப்பதிலேயே போயிருக்கும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் கொத்தனாரிடம் பேசியதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றதும் நீங்கள். அவர் இல்லாமல் வீட்டை நடத்தப் பழகிவிட்டீர்கள். வேலை முடிந்து அறைக்கு வந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு வாழ்க்கைக்கு அவர் பழகிவிட்டார். திரும்பி வந்தவருக்கு அந்த வீட்டில் செய்வதற்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. விளைக்குள் போய் ஒதுங்கிக்கொண்டார். உங்கள் தாம்பத்தியம் ஆறிப்போய்விட்டது என்கிறீர்கள். அது சூடேறவே நாள் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது, சண்டை. ஒருவர் கேட்கக் கேட்க மற்றவர் விலகுவதும், விலக விலக இவர் குரலை உயர்த்துவதும் தம்பதிகளை ஆராயும் உளவியலாளர்கள் பல காலமாகக் கவனித்துவரும் சுழற்சி. மாற்றம் வேண்டுபவர் துரத்துவார். இருப்பதே போதும் என்பவர் வாயை மூடிக்கொள்வார். இதில் பலரும் கவனிக்காத இடம், துரத்தியவர் களைத்து நிறுத்தும் இடம். வீடு அமைதியாகிவிடும். கணவர் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பார். மனைவி அப்போதுதான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார். நீங்கள் சண்டையை விட்ட நாளிலிருந்து அவர் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

தொடுவதில்லை என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நகரப்போவதில்லை. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் பாதிக்கும். ஆண்மைக் குறைவு அதனால் மிகச் சாதாரணமாக வரும். இரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளாலும் வரலாம். இதை நம் ஊர் ஆண்கள் மருத்துவரிடமே சொல்வதில்லை, மனைவியிடம் எங்கே சொல்லப்போகிறார்கள்? முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தோளில் கை வைப்பதைக்கூட நிறுத்திவிடுவார்கள்; கை வைத்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற கவலை. மனைவிக்கோ, தன்னைப் பிடிக்கவில்லை என்று படும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். இதைக் கேட்பது மருத்துவருக்குப் புதிதல்ல, சிகிச்சையும் உண்டு. தூக்கம் கெட்டு, முன்பு பிடித்த எதிலும் அவருக்கு நாட்டமில்லை என்றால் மனச்சோர்வையும் சந்தேகிக்க வேண்டும். அரசின் இலவச மனநல எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மையும் எரிச்சலும் உங்களுக்கும் இருக்கலாம். அதையும் சேர்த்தே கேளுங்கள்.

இனி அவரிடம் பேசுவது. ராத்திரி சாப்பாட்டு நேரம் வேண்டாம், டிவி முன்னால் வேண்டவே வேண்டாம். நேருக்கு நேர் உட்காரவைத்தால் விசாரணை என்று நினைத்துவிடுவார். உறைந்த ரப்பர் பாலை ஷீட் அடிக்கும்போது ஒருவர் ரோலரைச் சுற்ற, இன்னொருவர் ஷீட்டைப் பிடித்து வாங்க வேண்டும் அல்லவா? அங்கே போய் நில்லுங்கள். கைக்கு வேலையும், கண்ணுக்குப் பார்க்க வேறு இடமும் இருந்தால் இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு வரும். 'நீங்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று தொடங்காதீர்கள். 'இந்த வீட்டில் எனக்குத் தனியாக இருக்கிறது. போய்விடலாமா என்றுகூட நினைக்கிறேன். போவதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது' – இவ்வளவு போதும். அவர் 'ம்' என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அவர் உள்ளே எடுத்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும்.

அதன் பிறகு மூன்று மாதம் பாருங்கள். அவர் மலர்ந்து சிரிக்கிறாரா என்று பார்க்காதீர்கள். நீங்கள் கேட்காமலே உங்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்று பாருங்கள். முதுகு வலி எப்படி இருக்கிறது என்ற ஒரு கேள்வி போதும், கதவு திறந்திருக்கிறது. போய்விட நினைக்கிறேன் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் 'உன் இஷ்டம்' என்று சேனலை மாற்றினார் என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

அப்படியானால் பிரியலாம், பாவமில்லை. சபையில் ஒரு மாதம் பேசுவார்கள், பிறகு அடுத்த வீட்டுக் கல்யாணம் வந்துவிடும். ஆனால் கோபத்தில் ஒருநாள் காலையில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஜீவனாம்சச் சட்டத்தில் (2024 முதல் இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு) தகுந்த காரணமின்றிக் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்கும், பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்பவருக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறது. 'பேசவில்லை' என்பது தகுந்த காரணமா என்று நீதிமன்றத்தில் வாதாடும் நிலைக்கு நீங்கள் போகக் கூடாது. வெறும் பாராமுகமும் அன்பின்மையும் மட்டும் கொடுமை ஆகாது, அலட்சியம் எல்லை மீறி வாழவே முடியாத நிலை வந்தால்தான் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சமர் கோஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே அவர்மேல் வழக்குப் போட்டு விவாகரத்து வாங்குவது கடினம்.

உங்களுக்கு இருக்கும் வழி, இருவரும் சேர்ந்து மனுக் கொடுப்பது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் 2001-இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவு அதற்கானது. இரண்டு ஆண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். எல்லைக்கு அப்பால் கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டு என்று வாசித்தது; 2022-இல் அந்த ஓராண்டுக் காத்திருப்பும் செல்லாது என்றது. இங்கே எது செல்லும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது வீட்டுப் பத்திரத்தின் நகலும், விளை யார் பெயரில் இருக்கிறது என்ற விவரமும், சீதன நகையில் எவ்வளவு வீடு கட்ட விற்றது என்ற கணக்கும் கையில் இருக்கட்டும். கூட்டு மனுவில் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்காமல் பிரிய ஒப்புக்கொள்ளாதீர்கள்.